“பழைய மருந்துகளைத் தொடரவும்”: ஒரு மருந்து ஒப்பீட்டு நிகழ்வு ஆய்வு

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள் விடியற்காலையில் அந்த அம்மாவை எழுப்ப முடியவில்லை. உடல் வியர்த்து நனைந்திருந்தது. வலது கை தொய்ந்து கிடந்தது. பக்கவாதம் என்று நினைத்து மகன் 108-க்கு அழைத்தார். வந்தவர் முதலில் விரலைக் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தார். 34 மில்லிகிராம். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏற்றிய பத்து நிமிடத்தில் கண் திறந்தார். அரை மணி நேரத்தில் கையும் அசைந்தது. பக்கவாதம் இல்லை, தாழ்சர்க்கரை.

நான் அந்த மருத்துவமனையில் மருந்தியல் பிரிவில் பணியாற்றுகிறேன். வார்டுகளுக்குப் போய் நோயாளிகளின் மருந்துச் சீட்டுகளைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. மூன்று நாட்களுக்கு முன் இவரை வீட்டுக்கு அனுப்பியதும் எங்கள் மருத்துவமனைதான். அதனால் இதை நான் வெளியிலிருந்து எழுதவில்லை. நோயாளியை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்துகளையும் அளவுகளையும் மாற்றவில்லை.

முதல் அனுமதி

வயது 68. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், பத்து ஆண்டுகளாக ரத்த அழுத்தம். காய்ச்சல், குளிர் நடுக்கம், இரண்டு நாள் வாந்தியோடு வந்தார். சிறுநீர்த் தொற்று. உடலில் நீர் வற்றியதால் சிறுநீரகமும் தளர்ந்திருந்தது, கிரியாட்டினின் 2.1. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.9. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவர் சாப்பிட்டுவந்த மாத்திரை அவருக்குப் போதுமானதாகவே இருந்தது, அந்த வயதுக்குச் சற்று இறுக்கமாகவும்கூட, என்பதை அது சொல்கிறது.

கேஸ் ஷீட்டில் முன்மருந்து விவரம் ஒரே வரி: சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டு, ரெகுலர் ட்ரீட்மென்ட்டில் இருக்கிறார். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, கடைசியாக எப்போது விழுங்கினார் என்று எதுவும் இல்லை. பக்கத்தில் எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு தனியார் மருத்துவரின் சீட்டு பின் செய்யப்பட்டிருந்தது. மகன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது அது. அதில் மெட்ஃபார்மின் 500, கிளிமெபிரைடு 2 சேர்ந்த கூட்டு மாத்திரை காலையும் இரவும். டெல்மிசார்டன் 40 காலையில். கொழுப்புக்கு அட்டர்வாஸ்டாட்டின் 10 இரவில்.

வார்டில் சிகிச்சை சரியாகவே நடந்தது. சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது மெட்ஃபார்மினும் டெல்மிசார்டனும் ஆகாது என்று இரண்டையும் நிறுத்தினார்கள். சர்க்கரைக்குத் தேவைப்பட்டபோது மட்டும் இன்சுலின். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனுக்குப் பதிலாக அம்லோடிபின் 5. ஆறாம் நாள் காய்ச்சல் விட்டு, கிரியாட்டினின் 1.4-க்கு இறங்கியது. அந்த வயதுப் பெண்ணுக்கு 1.4 என்றால் சிறுநீரக வடிகட்டும் திறன் ஏறக்குறைய 41 என்று கணக்கு வரும். தேறியிருக்கிறார், முழுமையாக அல்ல.

புதன்கிழமை மாலை டிஸ்சார்ஜ். சீட்டில் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் 500 இரு வேளை ஐந்து நாள், அம்லோடிபின் 5, அட்டர்வாஸ்டாட்டின் 10, மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த அதே கூட்டு மாத்திரை காலையும் இரவும். எங்கள் மருந்தகத்தில் தனியார் மருத்துவர் எழுதியிருந்த பிராண்டு இல்லை; அதே மருந்து, அதே அளவு, வேறு கம்பெனி. மருந்தியல்படி குற்றமில்லை. சீட்டின் கடைசி வரி: பழைய மருந்துகளைத் தொடரவும்.

கோப்பில் தரச்சான்றுக்கான படிவம் ஒன்று உண்டு. அதில் “மருந்து ஒப்பீடு செய்யப்பட்டது” என்ற கட்டத்தில் ஆம் என்று டிக் இருந்தது. எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. ஒப்பிட ஒரு பட்டியல்தான் கோப்பில் இருந்தது.

பையைக் கொட்டிப் பார்த்தது

இரண்டாம் முறை வந்தபோது அவசரப் பிரிவில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிச் சர்க்கரை 142-க்கு வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து 52. வேளை தவறியதால் வரும் சாதாரணத் தாழ்சர்க்கரை இப்படித் திரும்பத் திரும்ப விழாது. கிளிமெபிரைடு போன்ற சல்ஃபனைல்யூரியா வகை மாத்திரைகள் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளுபவை. ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. நாம் ஏற்றும் குளுக்கோஸே கணையத்தை மேலும் தூண்டும். அதனால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சொட்டோடு, இன்சுலின் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைடு 50 மைக்ரோகிராம் தோலுக்கடியில் எட்டு மணிக்கொருமுறை போடப்பட்டது. சர்க்கரை நிலைக்க ஒன்றரை நாள் ஆனது.

சீட்டில் இருக்கும் நான்கு மில்லிகிராம் கிளிமெபிரைடு மட்டும் இவ்வளவு செய்யுமா? சரியாகச் சாப்பிடாத, சிறுநீரகம் தேறாத முதியவருக்குச் செய்யலாம். ஆனால் எனக்கு ஒப்பவில்லை. வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், மாத்திரை டப்பா, காலி அட்டை, பழைய கவர் உட்பட, எடுத்துவரச் சொன்னேன். மதியம் மருமகள் ஒரு துணிப்பையோடு வந்தார். மேசையில் கொட்டினோம்.

மூன்று இடத்து மாத்திரைகள் இருந்தன. தனியார் மருத்துவர் எழுதிய கூட்டு மாத்திரை அட்டை. எங்கள் மருந்தகத்தில் வாங்கிய, வேறு பெயரும் வேறு நிறமும் கொண்ட கூட்டு மாத்திரை அட்டை. மூன்றாவது, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் காகிதக் கவர். அதில் மெட்ஃபார்மின் 500, கிளிபென்கிளமைடு 5, இரண்டும் காலை ஒன்று இரவு ஒன்று என்று பேனாவால் கோடு போட்டிருந்தது.

“அத்தை இதையெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டதே இல்லை சார்” என்றார் மருமகள். “மெடிக்கலில் வாங்கும் மாத்திரை தீர்ந்து, மறுபடி வாங்கப் பணம் வரும்வரைக்கும்தான் கவர்மென்ட் மாத்திரை. அது இருந்தால் இது இல்லை, இது இருந்தால் அது இல்லை. நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இந்த ஆய்வை எழுதுகிறேன். அந்த வீட்டில் ஒரு மருந்து முறை இருந்தது. எந்தச் சீட்டிலும் எழுதப்படாத, ஆனால் ஹெச்பிஏ1சி 6.9 என்று சாட்சி சொன்ன முறை. அதை அறிந்தவர் ஒரே ஒருவர், மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் மருமகள். முதல் அனுமதியின்போது வார்டில் ஆறு நாளும் உடனிருந்தவர் மகன். மருமகள் வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார். அவரிடம் யாரும் பேசவில்லை.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு எடுத்துக் கொடுக்கும் கையும் மாறியது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள மகள் திருப்பூரிலிருந்து வந்திருந்தார். படித்தவர், கவனமானவர். மூன்று இடத்து மருந்தையும் எடுத்துவைத்து, எங்கள் சீட்டைப் படித்து, “பழைய மருந்துகளைத் தொடரவும்” என்ற வரிக்கு அப்படியே கீழ்ப்படிந்தார். காலை டப்பாவில் எல்லாம் ஒவ்வொன்று, இரவு டப்பாவில் எல்லாம் ஒவ்வொன்று. பெயர்கள் வேறு, நிறங்கள் வேறு. ஒரே மருந்து என்று அவருக்கு எப்படித் தெரியும்? அட்டையின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருப்பது பிராண்டு பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் மூக்குக் கண்ணாடி போட்டாலும் கண்ணைச் சுருக்க வைக்கும்.

ஊகமாக விட்டுவிடக் கூடாது என்று மாத்திரைகளை எண்ணினோம். எங்கள் மருந்தகம் கொடுத்தது 14, மீதி 10. வியாழன் இரண்டு, வெள்ளி இரண்டு, கணக்குச் சரி. அனுமதிக்கு முன் மருமகள் பிரித்த தனியார் அட்டையில் எட்டு இருந்ததாக அவர் சொன்னார், இப்போது நான்கு. அரசுக் கவரிலும் ஒவ்வொரு வகையிலும் நான்கு குறைந்திருந்தது. ஆக, இரண்டு நாள், நான்கு வேளை, மூன்றும் சேர்த்து.

நாளொன்றுக்குக் கூட்டினால், கிளிமெபிரைடு நான்குக்குப் பதில் எட்டு மில்லிகிராம், அதற்கு மேல் அதே வகையைச் சேர்ந்த கிளிபென்கிளமைடு பத்து. மெட்ஃபார்மின் 3,000 மில்லிகிராம். அவருடைய சிறுநீரகத் திறனுக்கு 1,000-க்கு மேல் போகக் கூடாது. கிளிபென்கிளமைடு ஈரலில் உடைந்து உருவாகும் பொருட்களுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் வேலை உண்டு. அவை சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் அவை உடலிலேயே தேங்கும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, நாங்கள் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசினும் சல்ஃபனைல்யூரியாவோடு சேரும்போது தாழ்சர்க்கரையைக் கூட்டக்கூடியது. அந்த இரண்டு நாளும் வாய்க் குமட்டலில் அவர் சாப்பிட்டது கஞ்சியும் ஓரிரு இட்லியும்.

மூன்று சீட்டையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனியாக நின்றால் பெரிய பிழை சொல்ல முடியாது. தவறு சீட்டுகளுக்கு நடுவில் இருந்தது.

சொல்லாமல் நிறுத்திய மருந்து

பையில் டெல்மிசார்டன் அட்டையும் இருந்தது. அதிலும் மாத்திரை குறைந்திருந்தது. நாங்கள் அதை நிறுத்தி அம்லோடிபின் போட்டிருந்தோம். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டு நிறுத்தியதைச் சொல்லவில்லை. சாப்பிட வேண்டியவை மட்டுமே அதில் வரிசையாக இருக்கும். நிறுத்தியவற்றுக்கு இடமே கிடையாது. ஒரு மருந்து பட்டியலில் இல்லை என்றால் அதைச் சாப்பிடக் கூடாது என்று மருத்துவர் நினைக்கிறார். பட்டியலில் இல்லாதது “பழைய மருந்து”, அதைத் தொடர வேண்டும் என்று குடும்பம் நினைக்கிறது. மகள் டெல்மிசார்டனையும் கொடுத்தார், அம்லோடிபினையும் கொடுத்தார். சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது டெல்மிசார்டன் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. இரண்டாம் அனுமதியில் கிரியாட்டினின் 1.8, பொட்டாசியம் 5.7. தாழ்சர்க்கரை முந்திக்கொள்ளாமல் இருந்திருந்தால் அடுத்த வாரம் இந்தப் பொட்டாசியத்துக்காக வந்திருப்பார் என்பது என் எண்ணம்.

ஒப்பீடு என்றால் எதை எதோடு

மெடிகேஷன் ரீகன்சிலியேஷன் என்று நாங்கள் சொல்லும் இந்த வேலை கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். செய்முறை எளிது, நேரம்தான் பிடிக்கும். அனுமதியானதும், இயன்றவரை முதல் 24 மணி நேரத்துக்குள், நோயாளி வீட்டில் உண்மையில் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் குறைந்தது இரண்டு இடத்திலிருந்து திரட்ட வேண்டும். “உண்மையில்” என்பதுதான் இதில் கடினமான சொல். சீட்டு மருத்துவர் எழுதியதைச் சொல்லும், மருந்துக்கடை ரசீது வாங்கியதைச் சொல்லும், மாத்திரை அட்டையில் உள்ள ஓட்டைகள்தான் விழுங்கியதைச் சொல்லும். அடுத்து, அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு முடிவு: தொடர்வதா, மாற்றுவதா, இப்போதைக்கு நிறுத்திவைப்பதா, ஒரேயடியாக விடுவதா. முடிவுக்குக் காரணமும் எழுத வேண்டும். டிஸ்சார்ஜின்போது வீட்டுப் பட்டியல், வார்டில் கடைசி 24 மணி நேரம் கொடுத்த மருந்துகள், புதிதாக எழுதப்போகும் சீட்டு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, எந்த வரியும் காரணமில்லாமல் முளைக்கவோ மறையவோ இல்லை என்று பார்க்க வேண்டும்.

2005-இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், அனுமதியான 151 நோயாளிகளைச் சரிபார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களிடம் யாரும் நினைத்துச் செய்யாத குறைந்தது ஒரு முரண்பாடாவது இருந்தது. அதிகம் கண்டது விடுபடல், வீட்டு மருந்தை வார்டில் எழுதாமல் விடுவது. நம் ஊரில் விடுபடலோடு இரட்டிப்பும் சேர்ந்துகொள்கிறது என்பது என் வார்டு அனுபவம். ஒரே மருந்துக்கு எண்ணற்ற பிராண்டுகள், இரண்டு மூன்று மருந்தை ஒன்றாக்கிய கூட்டு மாத்திரைகள், ஒரே நோய்க்கு அரசும் தனியாரும் என்று இரண்டு வழிகள். பணம் இல்லாத மாதம் ஒன்று, உள்ள மாதம் ஒன்று என்று மாறி மாறிப் போகும் வீடுகளை நான் குறை சொல்ல மாட்டேன். அது கெட்டிக்காரத்தனம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது எங்கள் குறை.

கேட்கும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. “வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்றால் இல்லை என்றே பதில் வரும். “காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்னென்ன மாத்திரை, யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்?” என்று கேட்டால் பேச்சு விரியும். மாத்திரை தீர்ந்தால் என்ன செய்வீர்கள், அரசு மருத்துவமனையில் எதுவும் வாங்குகிறீர்களா, வலிக்கு, தூக்கத்துக்கு, மலச்சிக்கலுக்கு என்ன, நாட்டு மருந்து உண்டா, கண் சொட்டு மருந்து உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எடுத்துக் கொடுப்பவர் வார்டில் இல்லையென்றால் போன் செய்ய வேண்டும். இந்த அம்மாவின் விஷயத்தில் அந்தப் போன் ஐந்து நிமிடம் பிடித்திருக்கும்.

எல்லா நோயாளிக்கும் இதைச் செய்ய ஆள் போதாது. ஒருவருக்கு அரை மணி நேரம்கூட ஆகும். எனவே ஐந்துக்கு மேற்பட்ட மருந்து, இன்சுலின் அல்லது சல்ஃபனைல்யூரியா, வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, தளர்ந்த சிறுநீரகம், ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவர் என்று இருப்பவர்களிடமிருந்து தொடங்குகிறோம். இவரிடம் இவற்றில் மூன்று இருந்தன. டிக் அடிப்பதற்கு முன் யாராவது அதைப் பார்த்திருக்கலாம்.

இரண்டாம் டிஸ்சார்ஜ்

இந்த முறை மருமகளையும் மகளையும் சேர்த்து உட்கார வைத்தோம். சர்க்கரை மருத்துவர் சல்ஃபனைல்யூரியாவை முழுவதும் கைவிட்டார். கிரியாட்டினின் மறுபடி 1.4-க்கு வந்த பிறகு மெட்ஃபார்மின் 500 இரு வேளை மட்டும், அதோடு சிறுநீரகத்துக்காக அளவைக் குறைக்கத் தேவையில்லாத லினாக்ளிப்டின் 5 காலையில் ஒன்று. அந்த வயதுக்கு ஹெச்பிஏ1சி 7.5 வரை இருந்தாலும் பரவாயில்லை என்றும் எழுதினார். சிறுநீர்த் தொற்றுக்கு வளர்ப்புச் சோதனை முடிவைப் பார்த்து வேறு ஆன்டிபயாட்டிக்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. அதைப் பேசாத பட்டியல் ஒரு மாதத்தில் உடைந்துவிடும். மெட்ஃபார்மின் இனி சுகாதார நிலையத்தில் மட்டும், லினாக்ளிப்டின் கடையில் மட்டும் என்று முடிவு செய்தோம். வாங்க முடியாத மாதத்தில் லினாக்ளிப்டினை விட்டுவிட்டு மெட்ஃபார்மினை மட்டும் தொடரலாம், கவரில் வேறு சர்க்கரை மாத்திரை வந்தால் வாங்க வேண்டாம் என்பதையும் எழுதிக்கொடுத்தோம்.

சீட்டைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே தாளில் அடித்தோம். மேல் பாதியில் சாப்பிட வேண்டியவை: மருந்தின் பெயர், எதற்கு, எந்த வேளை, எங்கே வாங்குவது. கீழ்ப் பாதியில் தடித்த கோட்டுக்குக் கீழே, சாப்பிடக் கூடாதவை: கிளிபென்கிளமைடு, இரண்டு பிராண்டு கூட்டு மாத்திரைகளும் அவற்றின் பெயரோடும் நிறத்தோடும், டெல்மிசார்டன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம். டெல்மிசார்டனுக்கு மட்டும், நான்கு வாரம் கழித்துப் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்த பிறகு மருத்துவர் முடிவு செய்வார் என்று குறிப்பிட்டோம். பழைய அட்டைகளை அவர்கள் சம்மதத்தோடு வாங்கி அழிப்பதற்கு அனுப்பினேன். தாளின் நகல்கள் சுகாதார நிலையச் செவிலியருக்கும் தனியார் மருத்துவருக்கும் போயின. பழைய மருந்துகளைத் தொடரவும் என்ற வரியை எங்கள் டிஸ்சார்ஜ் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டோம். அதற்கு மட்டும் இரண்டு மாதக் கூட்டங்கள் தேவைப்பட்டன.

பிறகு மகளிடம், “நாளைக் காலை டப்பாவில் என்ன போடுவீர்கள், எடுத்துக் காட்டுங்கள்” என்றேன். லினாக்ளிப்டினை இரவுப் பெட்டியில் போட்டார். திருத்தினோம். மறுபடி போட்டுக் காட்டினார், சரியாக இருந்தது. புரிந்ததா என்று கேட்டிருந்தால் புரிந்தது என்றே சொல்லியிருப்பார்.

மூன்றாம் நாள் போன் செய்தேன். மருமகள் எடுத்தார். சர்க்கரை காலையில் 128, அத்தை நன்றாகச் சாப்பிடுகிறார், தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது என்றார். போனை வைக்கப்போகும் நேரத்தில், “முட்டி வலிக்கு அத்தை பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கிப் போடும் சிவப்பு மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லையே சார்? அது தாளில் இல்லையே” என்று கேட்டார்.

அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். டைக்ளோஃபெனாக் 50. சிறுநீரகத்துக்கு ஆகாத வலி மாத்திரை, வாரத்துக்கு மூன்று நான்கு. வலிக்கு என்ன போடுகிறீர்கள் என்று அந்த அம்மாவிடம் இரண்டாம் அனுமதியில் நானேதான் கேட்டேன். இல்லை என்றார். பக்கத்து வீட்டிலிருந்து வருவது அவர் கணக்கில் மாத்திரையே அல்ல. மருத்துவரிடம் பேசி, அதற்குப் பதில் பாராசிட்டமால் 500 என்று எழுதி, டைக்ளோஃபெனாக்கைக் கோட்டுக்குக் கீழே சேர்த்து, தேதியை மாற்றிப் புதிய தாளை அன்று மாலையே அனுப்பினேன். பழையதைக் கிழித்துவிட்டு இதை ஒட்டுங்கள் என்றேன். ஒட்டிய படத்தை இரவு எட்டு மணிக்கு அனுப்பினார்.